‘போன தடவை நார்மல்’ எத்தனை நாள் செல்லும்?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டி. அங்கே கணக்கு எழுதுகிற 36 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடிகாலையில் வந்து கல்லாவில் அமர்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க நேரமிருக்காது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. இவருக்கோ உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. அப்படியிருக்க இவர் ஏன் சுகர் டெஸ்ட் எடுக்க வேண்டும்?

இதற்குப் பதில் சொல்ல ஊசிகூட வேண்டாம், ஒரு இஞ்ச் டேப் போதும். சென்னையில் டாக்டர் வி.மோகனின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005-ல் வெளியிட்ட ‘இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்’ நான்கே கேள்விகளைக் கேட்கிறது. வயது 35 முதல் 49 வரை என்றால் 20 மதிப்பெண், 50-ஐத் தொட்டால் 30. ஆணின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரை எட்டினால் 10, 100-ஐ எட்டினால் 20. பெண்ணுக்கு இந்த அளவுகள் 80, 90. உடற்பயிற்சியும் இல்லை, வேலையும் உட்கார்ந்தபடிதான் என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20.

நம் கணக்கருக்கு இடுப்பு 94 சென்டிமீட்டர். வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உட்கார்ந்த வேலைக்கு 30, அம்மா வழியில் 10. ஆக மொத்தம் 70. அறுபதும் அதற்கு மேலும் அதிக அபாயம். தாகமும் சோர்வும் வரட்டும் என்று இவர் காத்திருக்கக் கூடாது.

எந்த வயதில் தொடங்குவது? நம் நாட்டின் தேசியத் திட்டம் 30 வயது கடந்த எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பொதுவாக 35 என்கிறது. அங்கே அந்த வயது முன்பு 45-ஆக இருந்தது. நமக்கு 30-தான் பொருந்தும். உடல் எடை கூடியவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பெற்றோருக்குச் சர்க்கரை இருப்பவர்கள், சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்கள் ஆகியோர் 30 வரைக்கும்கூடப் பொறுத்திருக்க வேண்டியதில்லை.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போன பெண்களின் கதை தனி. பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். பிள்ளை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையை எடுத்தாக வேண்டும். அது நார்மல் என்று வந்தாலும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு வீட்டு வாசலிலேயே விரலில் குத்திப் பார்க்கிறார்கள். அதில் 140-ஐத் தாண்டினால் அடுத்த பரிசோதனைக்கு அனுப்பப்படுவார்கள். ஒரு சின்ன விஷயம்: ஆயக்குடி கொய்யாவை நறுக்கிய கையோடு விரலை நீட்டினால், ஒட்டியிருக்கும் பழச்சாறே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே விரலை நீட்ட வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழைதான் ஆபத்து. மண்டிக் கணக்கருக்கு முகாமில் 128 வந்தால் ‘நார்மல்’ என்று அனுப்பிவிடலாம். ஆனால் மதிப்பெண் 70 உள்ளவருக்கு அது போதாது. வெறும் வயிற்றில் ஒரு முறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை என ரத்தம் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் சரியாக இருந்து, பிறகு மட்டும் ஏறுகிறவர்கள் நம்மிடையே நிறைய. முன்னது 100-க்கும் பின்னது 140-க்கும் கீழே இருந்தால்தான் உண்மையில் நார்மல். முன்னது 126, பின்னது 200 என்ற எல்லையைத் தொட்டால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வார்கள். இடைப்பட்டது முன்நிலை. மூன்று மாத சராசரி டெஸ்ட் வசதியானதுதான். ஆனால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு அது தவறாகக் காட்டக்கூடும்.

சரி, நார்மல் என்றே வந்துவிட்டது. அது எத்தனை நாள் செல்லும்? சென்னையில் ஒரு பெரிய ஆய்வு இதைப் பின்தொடர்ந்து பார்த்தது. முடிவு 2015-ல் வெளியானது. முதலில் நார்மலாக இருந்தவர்களில் சுமார் ஒன்பது ஆண்டுகளில் நூற்றுக்கு 19 பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. இன்னும் 26 பேர் முன்நிலைக்குப் போயிருந்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர்!

அமெரிக்கச் சங்கம் நார்மல் என்று வந்தவர்களுக்குக் குறைந்தது மூன்றாண்டுக்கு ஒரு முறை என்கிறது. நம் தேசியத் திட்டம் ஆண்டுக்கு ஒரு முறை என்கிறது. மதிப்பெண் 30-க்குக் கீழே உள்ள, ஓடியாடி வேலை செய்கிற இளைஞருக்கு மூன்றாண்டு இடைவெளி போதும். மண்டிக் கணக்கர் போன்றவர்களுக்கும், முன்நிலையில் இருப்பவர்களுக்கும், கர்ப்பகாலச் சர்க்கரை கண்ட தாய்மார்களுக்கும் ஆண்டுக்கொரு முறையே சரி. நடுவில் எடை ஏறினாலோ, வயல் வேலையை விட்டுக் கடையில் உட்கார்ந்தாலோ தவணை வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

ரிசல்ட் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். அடுத்த முறை போகும்போது பழைய சீட்டையும் கையோடு கொண்டு போங்கள். 88, 94, 99 என்று வெறும் வயிற்று அளவு ஏறிவருவதை மருத்துவர் அதில்தான் பார்க்க முடியும்.