நான்கு எண்களுக்குள் இரண்டு திசைகள்

ஒரு ரப்பர் தாளில் வட்டம் வரைந்துகொள்ளுங்கள். தாளை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். அதன் நெடிய அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது, குறுகிய அச்சு எந்தப் பக்கம், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம்? இரண்டு நிரையும் இரண்டு நிரலும் கொண்ட ஒரு சிறிய அணிக்கு இதைக் கண்டுபிடிப்பதுதான் சிங்குலர் மதிப்புப் பிரிப்பு. கணினித் துறையில் இதை எஸ்.வி.டி. என்பார்கள். இத்தாலியக் கணித அறிஞர் பெல்ட்ராமி 1873-இலும் பிரெஞ்சுக்காரர் ஜோர்டான் 1874-இலும் தனித்தனியே இதைக் கண்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அணிகள் படித்தவர் ஒரு தாளில் முடித்துவிடக்கூடிய கணக்கு இது.

நாம் எடுத்துக்கொள்ளும் அணி:

```
A = [ 2  0 ]
    [ 3  2 ]
```

இந்த அணி (1, 0) என்ற வெக்டரை (2, 3)-க்கும், (0, 1)-ஐ (0, 2)-க்கும் கொண்டுபோகிறது. முதலில் அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தன. போய்ச் சேர்ந்த இடத்தில் அப்படி இல்லை. ஆனால் எந்த அணிக்கும், மாற்றத்துக்கு முன்பும் பின்பும் செங்குத்தாகவே இருக்கும் ஒரு ஜோடித் திசைகள் உண்டு. அந்த ஜோடியைத்தான் தேடுகிறோம்.

A-யின் ஐகன் வெக்டர்களே அந்தத் திசைகளாக இருக்கலாமே என்று தோன்றும். பார்த்தால், இந்த அணிக்கு 2 என்ற ஒரே ஐகன் மதிப்புதான். ஐகன் திசையும் (0, 1) என்ற ஒன்றே. இரண்டாவது திசை கிடைக்காது. அதனால் வேறு அணி ஒன்றிடம் போகிறோம். A-யை நிரை நிரல் மாற்றி, அதை A-யோடு பெருக்குகிறோம்:

```
AᵀA = [ 13  6 ]
      [  6  4 ]
```

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கவனித்தால் மீதிக் கணக்கு விளங்கிவிடும். 13 என்பது A-யின் முதல் நிரலுடைய நீளத்தின் வர்க்கம், அதாவது 4 + 9. கீழே உள்ள 4, இரண்டாம் நிரலின் நீள வர்க்கம். மூலையில் இருமுறை வரும் 6, அந்த இரு நிரல்களின் புள்ளிப்பெருக்கல். அவை செங்குத்தாக இருந்திருந்தால் அங்கே 0 வந்திருக்கும். ஆக, நீளம் எவ்வளவு மாறியது, செங்குத்து எவ்வளவு கெட்டது என்ற இரண்டு செய்தியும் இந்த அணியில் பதிவாகியிருக்கின்றன. இது சமச்சீர் அணி என்பதால் இதன் ஐகன் வெக்டர்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக எடுத்துக்கொள்ள எப்போதும் முடியும்.

மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை 17. அணிக்கோவை 52 − 36 = 16. எனவே ஐகன் மதிப்புகளுக்கான இருபடிச் சமன்பாடு:

```
λ² − 17λ + 16 = 0
```

விடைகள் 16, 1. இவை நீளங்களின் வர்க்கங்கள். வர்க்கமூலம் எடுத்தால் 4, 1. இவையே சிங்குலர் மதிப்புகள். ஆரம் 1 உள்ள வட்டம், அரை அச்சுகள் 4-உம் 1-உம் கொண்ட நீள்வட்டமாகிறது. A-யின் அணிக்கோவையும் 4. பரப்பு நான்கு மடங்காகிறது என்பதற்கு 4 × 1 சரியாகப் பொருந்துகிறது.

அடுத்து திசைகள். λ = 16 என்று வைத்தால் −3x + 6y = 0. x = 2, y = 1 என எடுக்கலாம். வெக்டர் (2, 1). அதன் நீளம் √5-ஆல் வகுத்தால் ஓரலகு வெக்டர். λ = 1 தரும் திசை இதற்குச் செங்குத்து: (−1, 2). இந்த இரண்டையும் நிரல்களாக நிறுத்தினால் V என்ற அணி தயார்.

வந்துசேரும் திசைகளை அறிய, A-யை இவற்றின் மேல் செலுத்திப் பார்த்தாலே போதும். A(2, 1) = (4, 8), அதாவது 4 × (1, 2). A(−1, 2) = (−2, 1). இரண்டு விடைகளும் செங்குத்தாகவே இருக்கின்றன. ஒன்று நான்கு மடங்காக நீண்டது; மற்றதன் நீளம் மாறவில்லை. விடைகளை √5-ஆலும் அந்தந்தச் சிங்குலர் மதிப்பாலும் வகுத்தால் U:

```
U = 1/√5 [ 1  −2 ]   Σ = [ 4  0 ]   V = 1/√5 [  2  −1 ]
         [ 2   1 ]       [ 0  1 ]            [  1   2 ]

A = U Σ Vᵀ
```

இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதலில் கடிகார முள் சுற்றும் திசையில் ஏறத்தாழ 26.6 பாகை திருப்புகிறோம். பிறகு கிடை அச்சில் நான்கு மடங்கு இழுக்கிறோம். கடைசியாக எதிர்த்திசையில் ஏறத்தாழ 63.4 பாகை திருப்புகிறோம். சாய்த்து இழுத்ததாகத் தெரிந்த மாற்றம், ஒரு திருப்பல், ஓர் இழுப்பு, மீண்டும் ஒரு திருப்பல் எனப் பிரிந்துவிட்டது.

தேர்வுத் தாளில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. U-வுக்காக AAᵀ-இன் ஐகன் வெக்டர்களைத் தனியே கண்டுபிடிப்பார்கள். முறை தவறல்ல, திசைகள் (1, 2), (2, −1) என்று வரும். ஆனால் ஐகன் வெக்டருக்குக் குறி கட்டாயமில்லை. (−2, 1) எவ்வளவு சரியோ (2, −1)-உம் அவ்வளவு சரி. இரண்டாவதை எடுத்துப் பெருக்கினால் கிடைப்பது இது:

```
[ 1.2  1.6 ]
[ 3.4  1.2 ]
```

இது A அல்ல. இதற்கும் AᵀA கணக்கிட்டால் அதே 13, 6, 6, 4 வருவதுதான் விபரீதம். அந்த வழியில் சரிபார்த்தவருக்குத் தவறு தெரியவே தெரியாது. அணிக்கோவையைப் பார்த்தால் அகப்பட்டுவிடும்: A-க்கு +4, இதற்கு −4. சுழற்சி இருந்த இடத்தில் கண்ணாடிப் பிரதிபலிப்பு புகுந்துவிட்டது. V-இன் குறியை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதை வைத்தபின் U-வின் குறியை A-தான் சொல்ல வேண்டும்.

சிங்குலர் மதிப்புகளில் ஒன்று 0 ஆகும்போது மட்டும் A வாய் திறக்காது. (1, 2), (2, 4) என்ற நிரைகள் கொண்ட அணிக்குச் சிங்குலர் மதிப்புகள் 5, 0. முதல் திசை (1, 2) எளிதில் கிடைக்கும். இரண்டாவதற்கு 0-ஆல் வகுக்க வேண்டி வரும். அங்கே வகுக்கக் கூடாது. முதல் திசைக்குச் செங்குத்தான (−2, 1)-ஐ √5-ஆல் வகுத்து, வெறும் இடத்தை நிரப்பினால் போதும். பூஜ்யத்தோடு பெருக்கப்படுவதால் இங்கே குறி எதுவானாலும் கெடுதலில்லை. முழுப் பிரிப்பு என்பதில் ‘முழு’ என்ற சொல் கேட்பது இதைத்தான்.

தாளில் இவ்வளவு நன்றாக நடக்கும் இந்த வழியைக் கணினி நிரல்கள் பொதுவாகத் தவிர்க்கின்றன. (1, 1), (0, 10⁻⁹) என்ற நிரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். AᵀA-இல் ஓர் உறுப்பு 1 + 10⁻¹⁸. வழக்கமான கணினி எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்களே நிற்கும் என்பதால் அது வெறும் 1 ஆகிவிடும். ஏறத்தாழ 7 × 10⁻¹⁰ என்று வரவேண்டிய இரண்டாவது சிங்குலர் மதிப்பு, 0 என்று வந்து நிற்கும். வர்க்கமாக்கியபோதே சிறிய எண் தொலைந்துவிட்டது; பிறகு வர்க்கமூலம் எடுத்து அதை மீட்க முடியாது. AᵀA-யை உருவாக்காமலே A-யை நேராகச் சுருக்கிக்கொண்டு போகும் வழியை 1965-இல் கோலப்பும் கஹானும் வெளியிட்டார்கள். கையில் முழு எண்களும் பென்சிலும் இருக்கும்வரை நமக்கு அந்தக் கவலை இல்லை. கடைசியில் U, Σ, Vᵀ மூன்றையும் பெருக்கி, 2, 0, 3, 2 அந்தந்த இடத்தில் வந்து உட்காருகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.