இருமுறை சுடும் பிஸ்கோத்து

நம் பெரியவர்கள் வழங்கும் 'பிஸ்கோத்து' என்னும் சொல் போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது. அதன் வேர் இலத்தீனில் இருக்கிறது. இருமுறை சமைத்தது என்பதே அதன் பொருள். இன்று நாம் தேநீருடன் உண்ணும் பிஸ்கோத்துகளில் பல ஒரே முறைதான் சுடப்படுகின்றன. பெயருக்கேற்ப இருமுறை சுடப்படும் பண்டங்கள் இத்தாலியில் உண்டு. அவற்றுள் பெயர்பெற்றது, தஸ்கனி நாட்டுப் பிராத்தோ நகரின் வாதுமைப் பிஸ்கோத்தி. அந்நகரில் அந்தோனியோ மத்தேயி என்பவர் 1858-இல் தொடங்கிய கடை அதற்குப் புகழ் சேர்த்தது. அதை 'வின் சாந்தோ' என்ற இனிப்பு மதுவில் தோய்த்து உண்பது அங்குள்ள வழக்கம். நமக்குத் தேநீரும் காப்பியும் போதும்!

ஒரே பண்டத்தை இருமுறை சுடுவானேன்? முதற்சூடு வேகவைக்கிறது, இரண்டாவது சூடு உலர்த்துகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் மற்றவை எளிதாகும்.

நான் எடுத்துக்கொள்ளும் அளவு இது: மைதா 250 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை இரண்டு, தோலுடன் வாதுமை 120 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய் இல்லை. முட்டையையும் சர்க்கரையையும் கலக்கி, மற்றவற்றைச் சேர்த்துப் பிசைந்தால் ஒட்டும் மாவு கிடைக்கும். ஒட்டுகிறதே என்று மேலும் மைதா தூவலாகாது. தூவினால் பண்டம் கல்லாகிவிடும். கையை நனைத்துக்கொண்டு மாவை இரு கட்டைகளாக உருட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 25 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் 2 செ.மீ. உயரமும் இருக்கலாம். சூட்டில் அவை பக்கவாட்டில் பரவும் என்பதால் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். நடு பருத்து முனை மெலிந்திருந்தால், முனை கருகும்போதும் நடு வேகாமலே இருக்கும்.

ஓவனில் 175 பாகை வெப்பத்தில் 25 முதல் 30 நிமிடம் சுட்டால் கட்டை பொன்னிறமாகும். நடுவில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் மேலெழும்ப வேண்டும்.

அடுத்து அறுக்கும் வேளை. ஓவனிலிருந்து எடுத்தவுடன் அறுத்தால், முட்டைப் புரதமும் மாச்சத்தும் இன்னும் இறுகாத நிலையில் கத்தி உள்ளே கிழித்துக்கொண்டு போகும். வாதுமை பிடுங்கிக்கொண்டு வரும். முற்றும் ஆறவிட்டாலோ மேலோட்டின் சர்க்கரை கண்ணாடிபோல் இறுகித் துண்டு நொறுங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, கை பொறுக்கும் சூட்டில் அறுப்பதே ஏற்றது. பல் வைத்த ரொட்டிக் கத்தியால் மேலோட்டை மெல்ல அறுத்து, பிறகு ஒரே அழுத்தாக அழுத்தினால் வாதுமையும் சுத்தமாக வெட்டுப்படும்.

துண்டின் தடிப்பு ஒன்றரை செ.மீ. இருக்கட்டும், எல்லாத் துண்டும் ஒரே தடிப்பாக இருப்பது அதைவிட முக்கியம். உள்ளே இருக்கும் நீர் வெளியேற ஆகும் நேரம் ஏறக்குறைய தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு செ.மீ. துண்டைவிட ஒன்றரை செ.மீ. துண்டு உலர இரண்டேகால் மடங்கு நேரம் எடுக்கும். தடிப்பு மாறினால் ஒன்று கருகும்போது மற்றொன்று ஈரமாக இருக்கும். வெப்பத்தை 150 பாகைக்குக் குறைத்து, துண்டுகளைக் கம்பித் தட்டில் நிற்கவைத்து 20 முதல் 25 நிமிடம் உலர்த்த வேண்டும். கம்பித் தட்டு இல்லையேல் படுக்கவைத்து, பாதி நேரத்தில் புரட்டலாம். ஓவனின் மூலைகள் சூடு மிகுந்தவை. ஆகவே தட்டையும் ஒருமுறை திருப்புவது நலம்.

சூடாக இருக்கையில் துண்டு மென்மையாகத் தோன்றுவது கண்டு மேலும் சுடவேண்டாம். சர்க்கரை ஆறினால்தான் இறுகும். ஒரு துண்டை ஆறவைத்து ஒடித்துப் பாருங்கள். 'சடக்' என ஒடிந்தால் சரி. நடுப்பகுதி வளைந்தால் ஈரம் உண்டு. அந்த ஈரம் அன்று தெரியாது. இரவோடு இரவாக அது ஓரங்களுக்குப் பரவி, டப்பாவில் இருக்கும் அனைத்தையும் தோல்போலாக்கிவிடும்.

தராசு இருந்தால் ஐயமே இல்லை. மேற்கண்ட மாவின் எடை ஏறக்குறைய 620 கிராம். முட்டையிலும் மைதாவிலும் வாதுமையிலுமாக அதில் 110 கிராம் அளவுக்கு நீர் இருக்கிறது. நூற்றுக்கு நான்கு பங்கு நீர் மட்டும் எஞ்ச உலர்ந்தால், சிந்திய தூள் நீங்கலாக, எடை 530 கிராம் அளவில் நிற்கும். 560 கிராம் காட்டினால் இன்னும் உலர்த்த வேண்டும்.

இப்படி உலர்ந்த துண்டின் நுண்துளைகள் தேநீரை விரைந்து உறிஞ்சுகின்றன. வெண்ணெய்ப் பிஸ்கோத்து கரைந்து கோப்பையின் அடியில் விழும். இதிலோ முட்டையும் மாச்சத்தும் பின்னிய வலை எளிதில் கரைவதில்லை; துண்டு உருக்குலையாமல் மென்மையாகிறது. காற்றுப்புகாத டப்பாவில் இட்டால் வாரக்கணக்கில் கெடாது. மழைக்காலத்தில் நமுத்துப்போனால், மீண்டும் 150 பாகையில் பத்து நிமிடம் காயவைத்தால் மொறுமொறுப்பு திரும்பும்.