டெண்டர் மின்னஞ்சல்: உதவிக்காக எழுதும் ஒரு வரியே வாய்ப்பைப் பறிக்கலாம்

துப்புரவு, புல்வெட்டு, குப்பை அகற்றுதல், காவல் பணி ஆகிய துறைகளில் சிறு நிறுவனம் நடத்தும் நம்மவர்கள் பலர். தோட்டத்தில் தொடங்கி இன்று பட்டணத்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரை குத்தகை எடுப்பவர்களும் உண்டு. மத்திய அரசாங்கக் கொள்முதலுக்கு `ePerolehan` என்ற இணையத்தளம் இருக்கிறது. ஆனால் குடியிருப்புகளின் கூட்டு நிர்வாக அமைப்புகளும் தனியார் நிறுவனங்களும் டெண்டர்களைப் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே பெறுகின்றன.

டெண்டர் பாரத்தை நாள் கணக்கில் உட்கார்ந்து நிரப்புவோர், அதை அனுப்பும் மின்னஞ்சலை மட்டும் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுகிறார்கள். அது வெறும் உறை என்பது அவர்களின் எண்ணம். அந்த எண்ணம் தவறு. மின்னஞ்சலில் எழுதும் ஒவ்வொரு வரியும் நிறுவனம் முன்வைக்கும் விலைப்புள்ளியின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஜேஎம்பி எனப்படும் கூட்டு நிர்வாக அமைப்பு, 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்கீழ் இயங்குவது. அப்படி ஓர் அமைப்பு தன் குடியிருப்பின் துப்புரவுப் பணிக்கு 12 மாதக் குத்தகை டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனைகள் இவை: உள்நாட்டுத் தொழிலாளர் 6 பேர் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளமும் இபிஎஃப், சொக்சோ சந்தாக்களும் முறையாகக் கட்டப்பட வேண்டும். விலைச்சிட்டை கொடுத்த 30 நாளில் பணம் தரப்படும். விலை 90 நாள்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். விலை தனிக் கோப்பில் மட்டுமே இருக்க வேண்டும். கேள்விகள் இருந்தால் ஜூன் 8ஆம் தேதிக்குள் கேட்கலாம். இறுதி நேரம் ஜூன் 15, நண்பகல் 12 மணி.

இந்த டெண்டருக்குப் போகும் மின்னஞ்சலில் நான்கு செய்திகள் இருந்தால் போதும். எந்த டெண்டருக்கு, யார் அனுப்புகிறார்கள் என்பது முதலாவது. என்னென்ன இணைக்கப்பட்டுள்ளன, எந்த நிபந்தனைகளுக்கு எப்படி உடன்படுகிறோம், விளக்கம் வேண்டுமானால் யாரைக் கேட்பது என்பவை மற்ற மூன்று. நலம் விசாரிப்பும் நிறுவனத்தின் பெருமையும் இதில் வேண்டியதில்லை.

இணைப்புப் பட்டியல்

டெண்டர் பாரம் எந்த வரிசையில் ஆவணங்களைக் கேட்கிறதோ, அதே வரிசையில் கோப்புகளுக்கு எண்ணிட்டுப் பெயர் வைக்க வேண்டும். மின்னஞ்சலிலும் அதே பெயர்களை எழுத வேண்டும்.

```
01_Borang_Tender.pdf
02_SSM.pdf
03_KWSP_PERKESO.pdf
04_Pengalaman.pdf
05_Pelan_Kerja.pdf
06_Jadual_Harga.pdf
```

டெண்டரைத் திறப்பவர் முதலில் செய்யும் வேலை, பட்டியலில் உள்ளதும் இணைப்பில் உள்ளதும் ஒன்றா என்று சரிபார்ப்பதுதான். பட்டியலில் ஆறு இருந்து இணைப்பில் ஐந்து மட்டுமே வந்திருந்தால், விடுபட்ட ஒன்றைப் பிறகு வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பது அவர்களின் விருப்பம். அது விலைப் பட்டியலாக இருந்துவிட்டால் பெரும்பாலும் அந்த டெண்டர் அங்கேயே முடிந்துவிடும். ஏனெனில், மற்றவர்களின் விலை திறக்கப்பட்ட பிறகு ஒருவரிடம் மட்டும் விலை வாங்குவது நியாயமாகாது.

இந்த டெண்டரில் விலை தனிக் கோப்பில் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. குழு முதலில் தகுதியைப் பார்க்கும், அதன் பிறகே விலையைத் திறக்கும். “எங்கள் விலை மாதம் இவ்வளவுதான்” என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டால், தகுதியைப் பார்க்கும் முன்பே விலை தெரிந்துவிடுகிறது. அதுவே விதிமீறல்.

கோப்பின் அளவும் நேரமும்

கைப்பேசியில் வண்ணத்தில் படமெடுத்துச் சேர்க்கும் பக்கங்கள் கோப்பைப் பெரிதாக்கிவிடும். ஜிமெயிலில் ஒரு மின்னஞ்சலின் உச்ச அளவு 25 எம்பி. அனுப்பும்போது இணைப்புகள் குறிமுறை மாற்றம் செய்யப்படுவதால், அவற்றின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆகவே மொத்தம் 18 எம்பிக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பெறுபவரின் அஞ்சல் பெட்டி இதைவிடக் குறைந்த அளவையே ஏற்பதாகவும் இருக்கலாம். அதைக் கேள்வி கேட்கும் காலத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அளவு மீறினால் ஜிமெயில் கோப்பைத் தானாகவே கூகள் டிரைவ் இணைப்பாக மாற்றிவிடும். அனுப்பியவர் கோப்பு போய்விட்டது என்று நினைப்பார். ஆனால் பெறுபவருக்குப் போவது ஒரு முகவரி மட்டுமே. அதைத் திறக்க அனுமதி கேட்கும்படி ஆகலாம். அதோடு, டிரைவில் இருக்கும் கோப்பை இறுதி நேரத்துக்குப் பிறகும் மாற்ற முடியும் என்பதால் சில அமைப்புகள் அதை ஏற்பதில்லை.

நேர விஷயத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டத்தின்படி, பெறுபவர் தனக்கென ஒரு மின்னஞ்சல் முகவரியைக் குறிப்பிட்டிருந்தால், செய்தி அந்த முகவரியின் அமைப்புக்குள் நுழையும் நேரமே அது கிடைத்த நேரம். அனுப்பும் பொத்தானை 11:58க்கு அழுத்தியதாகச் சொல்லிப் பயனில்லை. அது 12:03க்குப் போய்ச் சேர்ந்தால் தாமதம்தான். வேறு முகவரிக்கோ குழு உறுப்பினர் ஒருவரின் வாட்ஸ்ஆப்புக்கோ அனுப்பினால், டெண்டர் கேட்ட முகவரிக்கு அனுப்பியதாக ஆகாது. முதல் நாளே அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதாகப் பதில் கேட்பதே நல்லது. அதே நாள், `Mail Delivery Subsystem` என்ற பெயரில் திரும்பி வந்த செய்தி ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

உடன்பாட்டு வரிகள்

“எல்லா நிபந்தனைகளுக்கும் உடன்படுகிறோம்” என்று ஒரே வரியில் எழுதுவது வழக்கம். மதிப்பிடுபவருக்கு அதனால் பயன் குறைவு. ஒவ்வொரு முக்கிய நிபந்தனைக்கும் ஒரு வரி எழுதி, சான்று எந்தக் கோப்பில் இருக்கிறது என்று காட்டினால் அவர் தேட வேண்டியதில்லை. இந்த டெண்டருக்கு இப்படி எழுதலாம். மலாயில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் கருத்து இதுவே:

> 1. உள்நாட்டுத் தொழிலாளர் 6 பேர்: உடன்படுகிறோம். கோப்பு 05, பக்கம் 2.
> 2. குறைந்தபட்சச் சம்பளம், இபிஎஃப், சொக்சோ: உடன்படுகிறோம். சந்தா கட்டிய ரசீதுகள் கோப்பு 03இல்.
> 3. 30 நாளில் பணம்: மாற்றமின்றி ஏற்கிறோம்.
> 4. விலை செல்லுபடியாகும் காலம்: 90 நாள், செப்டம்பர் 13 வரை.

இரண்டாவது வரியை எழுதும் முன் சொந்த விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஆறு பேருக்கு 10,200 ரிங்கிட். இந்தச் சம்பளம் வாங்கும் 60 வயதுக்கு உட்பட்ட உள்நாட்டுத் தொழிலாளருக்கு முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் 13 விழுக்காடு, அதாவது ஒருவருக்கு 221 ரிங்கிட், ஆறு பேருக்கு 1,326 ரிங்கிட். மொத்தம் 11,526 ரிங்கிட். சொக்சோ, துடைப்பம், சோப்பு, போக்குவரத்து எதுவும் இதில் இன்னும் சேரவில்லை.

இந்த நிலையில் ஒருவர் மாதம் 11,000 ரிங்கிட் என்று விலை போட்டு, சம்பள நிபந்தனைக்கு உடன்படுவதாகவும் எழுதினால், இரண்டில் ஒன்று பொய் என்று மதிப்பிடுபவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆகக் குறைந்த விலை என்பதாலேயே வேலை கிடைத்துவிடும் என்று நம்பியவர், அந்த விலையாலேயே ஒதுக்கப்படலாம். அதையும் தாண்டி வேலை கிடைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். குறைகிற பணம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தோ முதலாளியின் கைக்காசிலிருந்தோதான் போக வேண்டும்.

“தயவுசெய்து” என்ற ஆபத்து

மூன்றாவது வரியில்தான் பலர் வழுக்குகிறார்கள். சிறு நிறுவனத்துக்கு 30 நாள் காத்திருப்பது சிரமம். அதனால் மின்னஞ்சலின் கடைசியில், “தயவுசெய்து 14 நாளில் பணம் கொடுத்து உதவவும்” என்று பணிவாக ஒரு வரி சேர்க்கிறார்கள்.

எழுதியவருக்கு அது வேண்டுகோள். சட்டத்தின் பார்வையில் அது நிபந்தனையாகிவிடக்கூடும். டெண்டர் அறிவிப்பு பொதுவாக ஓர் அழைப்பு மட்டுமே. நிறுவனம் அனுப்புவதுதான் முன்மொழிவு. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, முன்மொழிவை எந்த மாற்றமுமின்றி முழுமையாக ஏற்றால்தான் ஒப்பந்தம் உருவாகும். 14 நாள் என்ற வரியோடு வந்த முன்மொழிவை ஏற்றால், அந்த 14 நாளையும் சேர்த்து ஏற்றதாக ஆகிவிடுமோ என்று குழு தயங்கும். அதோடு, மற்றவர்கள் 30 நாளுக்குப் போட்ட விலையையும் இவர் 14 நாளுக்குப் போட்ட விலையையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. எனவே நிபந்தனைக்குட்பட்ட டெண்டர் என்று ஒதுக்கிவைப்பதே குழுவுக்கு எளிது. “விலை மாற்றத்துக்கு உட்பட்டது”, “எரிபொருள் விலையைப் பொறுத்தது” போன்ற வரிகளுக்கும் இதே கதிதான்.

சரியான வழி இரண்டு. ஜூன் 8க்கு முன் கேள்வியாகக் கேட்கலாம். முறையாக நடக்கும் டெண்டரில் அதற்கான பதில் எல்லாப் போட்டியாளர்களுக்கும் போகும், விதி மாறினால் எல்லாருக்கும் மாறும். மாறாவிட்டால், ஒரு மாதச் சம்பளத்தை முன்கூட்டிப் போட ஆகும் செலவைக் கணக்கிட்டு விலையிலேயே சேர்த்துவிட வேண்டும்.

யாரைக் கேட்பது?

கடைசியாக, தொடர்புக்கு ஒரே ஒருவரின் பெயர், பதவி, கைப்பேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். அவர் விலையைக் கணக்கிட்டவராகவோ, கணக்கை முழுதாக அறிந்தவராகவோ இருப்பது அவசியம். மகளோ மருமகனோ திறந்து கொடுத்த முகவரியிலிருந்து டெண்டரை அனுப்பிவிட்டு, அந்தப் பெட்டியை யாரும் பார்க்காமல் விடுவது அடிக்கடி நடப்பது. டெண்டர் முடிந்த பிறகு குழுவிடமிருந்து “கோப்பு 06இல் 6 பேரின் கூட்டுத்தொகை சரியாக வரவில்லை, இரண்டு வேலை நாளில் விளக்கவும்” என்று வரும் செய்தி அங்கேதான் போய்ச் சேரும்.

அப்படி விளக்கம் கேட்கும்போது கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும். அது விலையைக் குறைத்துப் போட்டியில் முந்துவதற்கான வாய்ப்பு அல்ல. கூட்டல் பிழைகளை எப்படித் திருத்துவது என்பதைப் பல டெண்டர்களின் விதிகளே சொல்லிவிடும். ஒருவருக்கான விலையை அப்படியே வைத்து, மொத்தத்தைத் திருத்துவது பரவலான முறை. ஆகவே கூட்டுத்தொகையைவிட ஆளுக்கான விலையைத்தான் இருமுறை சரிபார்க்க வேண்டும்.

அனுப்பிய மின்னஞ்சலையும், பெற்றுக்கொண்டதாக வந்த பதிலையும் செப்டம்பர் 13 வரையாவது அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அந்த நாள்வரை எப்போது வேண்டுமானாலும் குழு அந்த விலையை ஏற்கலாம். அழைப்பு வரும்போது எந்த விலைக்கு, எந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டோம் என்று காட்ட நிறுவனத்தின் கையில் அந்த மின்னஞ்சல் இருக்க வேண்டும்.