டைட்டனில் மீத்தேன் ஏன் திரவமாக நிற்கிறது?

சனிக்கோளின் நிலவுகளில் மிகப் பெரியது டைட்டன். 5,150 கி.மீ. விட்டம் கொண்ட அது புதன் கோளையே மிஞ்சும். 1980-ல் வாயேஜர் 1 விண்கலம் அருகே சென்று படம் எடுத்தபோது ஆரஞ்சு நிற மூட்டம் மட்டுமே தெரிந்தது. தரை கண்ணில் படவில்லை. அந்த மூட்டத்துக்கும், பிறகு அதனடியில் தெரியவந்த ஏரிகளுக்கும் மூலப்பொருள் ஒன்றேதான்: மீத்தேன், அதாவது இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதி.

டைட்டனின் ஈர்ப்பு விசை பூமியினுடையதில் ஏழில் ஒரு பங்குதான். ஆனாலும் கடுங்குளிரில் வாயு மூலக்கூறுகள் மெதுவாகவே அலைவதால் அவை எளிதில் தப்பிப் போவதில்லை. பெரும்பாலும் நைட்ரஜனால் ஆன அதன் காற்று, தரையில் நம் காற்றைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தம் தருகிறது. தரையின் வெப்பநிலை சுமார் மைனஸ் 179 டிகிரி செல்சியஸ். மீத்தேன் உறைவது மைனஸ் 182-ல், பூமியின் காற்றழுத்தத்தில் கொதிப்பது மைனஸ் 161-ல். டைட்டன் இந்தக் குறுகிய இடைவெளிக்குள் விழுவதால்தான் அங்கே மீத்தேன் ஆவியாகி, மேகமாகி, மழையாகப் பெய்து, ஆறாக ஓடுகிறது. தண்ணீரோ அங்கு பாறை போல் இறுகிக் கிடக்கிறது.

2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் தரையிறங்கிய இடத்தில் ஏரி எதுவும் இல்லை. உருண்டு தேய்ந்த பனிக்கட்டிக் கூழாங்கற்களே இருந்தன. ஆனால் கலத்தின் வெப்பம் பட்டதும் தரையிலிருந்து மீத்தேன் ஆவி கிளம்பியதைக் கருவி பதிவு செய்தது. மேலே காய்ந்திருந்த மண் அடியில் ஈரமாக இருந்திருக்கிறது!

ஏரிகளை வட துருவத்தருகே 2006-ல் காசினி விண்கலத்தின் ரேடார் கண்டது. மூட்டம் ரேடார் அலைகளைத் தடுக்காது. 2013-ல் லைஜியா மாரே என்ற கடலின் மேல் செலுத்திய அலைகள் இரண்டு எதிரொலிகளாகத் திரும்பின: ஒன்று மேற்பரப்பிலிருந்து, மற்றது அடித்தரையிலிருந்து. இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டதில் ஆழம் சுமார் 160 மீட்டர் என்று தெரிந்தது. திரவம் பெரும்பாலும் மீத்தேனாக இருந்ததால்தான் அலைகள் அடிவரை போய்வர முடிந்தது; கலங்கலான திரவம் அவற்றை விழுங்கியிருக்கும்.

மூட்டம் உருவாவது வெகு உயரத்தில். அங்கே சூரியனின் புறஊதாக் கதிர்கள் மீத்தேனைப் பிளக்கின்றன. விடுபடும் ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிட, மிஞ்சிய துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஈத்தேன், அசிட்டிலீன் போன்றவையாகின்றன. நைட்ரஜனும் கலந்து மேலும் பெரிய மூலக்கூறுகள் வளர்ந்து, ஆரஞ்சுத் துகள்களாகத் திரண்டு மெல்லக் கீழே படிகின்றன.

உடைந்த மீத்தேன் மீண்டும் பழையபடி சேராது. இந்த வேகத்தில் காற்றிலுள்ள மீத்தேன் சில கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும்; டைட்டனின் வயதோ 400 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஏரிகளில் உள்ளதும் அதற்கு ஈடாகாது. எனவே உள்ளிருந்து புதிய மீத்தேன் வந்திருக்க வேண்டும். பனிக்கட்டிப் படிகங்களுக்குள் சிறைப்பட்ட மீத்தேன் அவ்வப்போது வெளியேறுகிறது என்பது பலரும் முன்வைக்கும் விளக்கம். இன்னும் அது நிரூபிக்கப்படவில்லை.