இலவசச் செயலிகளின் வருவாய்: இருபக்கச் சந்தையும் இறுதிநிலைச் செலவும் – முகநூல் நிறுவனத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பயனரிடம் கட்டணம் பெறாத செயலிகள் விளம்பரத்தால் வருவாய் ஈட்டுகின்றன என்பது பலரும் அறிந்ததே. ஆயினும் ஒரு பக்கத்தார்க்கு விலை ஏன் சுழியமாகிறது, மறுபக்கத்தாரிடம் பெறும் தொகை எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்னும் வினாக்கள் போதிய விளக்கம் பெறவில்லை. இக்கட்டுரை இருபக்கச் சந்தைக் கோட்பாட்டின் துணைகொண்டு அவற்றை ஆராய்கிறது. விளம்பர ஏலம் நடைபெறும் முறையை ஒரு கணக்கின் வழியாக விளக்கி, பயனர் பற்றிய தகவல் எந்நிலையில் பணமாகிறது, எந்நிலையில் ஆவதில்லை என்பதைக் காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: இருபக்கச் சந்தை, இறுதிநிலைச் செலவு, கவனம், விளம்பர ஏலம், சுழிய விலை.

முன்னுரை

முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றை நடத்தும் மெட்டா நிறுவனம் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 13,490 கோடி டாலர் வருவாய் ஈட்டியது. அதில் சுமார் 13,190 கோடி டாலர், அதாவது நூற்றுக்கு 97 பங்கிற்கும் மேல், விளம்பரத்தால் வந்தது. இச்செயலிகளைப் பயன்படுத்துவோரிலோ மிகப் பெரும்பாலோர் ஒரு காசும் செலுத்துவதில்லை. ஒரு பொருளைப் பெறுவோர் வேறு, அதற்குப் பணம் தருவோர் வேறு என்னும் இந்நிலையை வாங்குபவர், விற்பவர் என்ற இருவரை மட்டும் கொண்ட வழக்கமான சந்தைப் படத்தால் விளக்க இயலாது. எனவே, இங்கு வாங்கப்படுவதும் விற்கப்படுவதும் எது என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது.

இருபக்கச் சந்தை

ஒருவரையொருவர் நாடும் இரு தரப்பினரை ஒரே மேடையில் இணைத்து, இரு தரப்பிற்கும் தனித்தனியே விலை வகுக்கும் அமைப்பே இருபக்கச் சந்தை எனப்படும். ழான்-சார்ல் ரொஷே, ழான் திரோல் என்னும் பிரெஞ்சுப் பொருளியலறிஞர் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்திற்கு அடிப்படையாக அமைந்தது. இத்தகைய சந்தையில் மொத்த விலை எவ்வளவு என்பதைப் போலவே, அது இரு பக்கங்களுக்கிடையே எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதும் வணிகத்தின் அளவை மாற்றும் என்பது அவர்கள் நிறுவிய முதன்மையான உண்மையாகும்.

இது இணையத்தோடு பிறந்த முறையன்று. நாளிதழ்கள் நெடுங்காலமாகவே அச்சுச் செலவிற்கும் குறைந்த விலைக்கு விற்கப்பட்டு, எஞ்சிய தொகையை விளம்பரதாரரிடமிருந்து பெற்று வந்துள்ளன. வாசகர் பெருகினால் விளம்பரதாரர் மிகுவர். ஆகவே வாசகருக்கு விலையைக் குறைப்பது இழப்பன்று, மறுபக்கத்தில் பயன்தரும் முதலீடு. எந்தப் பக்கத்தார் விலையேற்றத்தைக் கண்டு எளிதில் விலகுவரோ, எவரது வருகை மறுபக்கத்தாரைப் பெரிதும் ஈர்க்குமோ அவர்க்கு விலை குறையும். முகநூலில் அத்தரப்பினர் பயனர்கள்.

எனினும் இவ்வீர்ப்பு இரு திசையிலும் ஒரே தன்மையுடையதன்று. பயனர் பெருகுவதை விளம்பரதாரர் விரும்புகின்றனர். விளம்பரம் பெருகுவதைப் பயனர் விரும்புவதில்லை. திரையில் விளம்பரங்களை மேலும் மேலும் நுழைத்தால் பயனர் விலகுவர். எனவே பணமாக விலை இல்லாவிடினும், பொறுத்துக்கொள்ளும் விளம்பரங்களின் எண்ணிக்கை என்னும் வடிவில் பயனர் ஒரு விலையைச் செலுத்தவே செய்கிறார். மேடையை நடத்துவோர் ஏற்றியும் இறக்கியும் பார்ப்பது இவ்விலையையே.

இறுதிநிலைச் செலவும் சுழிய விலையும்

ஒரு பொருளைக் கூடுதலாக ஓர் அலகு ஆக்குவதற்கு ஆகும் செலவே இறுதிநிலைச் செலவு. நாளிதழின் ஒவ்வொரு படிக்கும் தாளும் மையும் வேண்டும். செயலியிலோ புதிதாக ஒருவர் சேர்வதால் கூடும் செலவு மிகச் சிறியது. ஆதலின் பெரும்பாலான நாளிதழ்களால் நெருங்க மட்டுமே முடிந்த சுழிய விலையைச் செயலி முழுமையாக எட்டிவிடுகிறது.

இறுதிநிலைச் செலவு சுழியத்தை அண்டியது என்பதைச் செலவே இல்லை எனப் பொருள்கொள்ளலாகாது. மெட்டாவின் 2023ஆம் ஆண்டுச் செலவு 8,800 கோடி டாலரைத் தாண்டியது. தரவு மையங்கள், பொறியாளர், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கான இச்செலவு ஒரு பயனர் கூடுவதாலோ குறைவதாலோ மாறுவதில்லை. நிலைச்செலவு பெரிதாகவும் இறுதிநிலைச் செலவு சிறிதாகவும் உள்ள இடத்தில், ஏற்கெனவே பெரும் பயனர் கூட்டத்தைக் கொண்டவரே செலவைப் பரவலாகப் பகிர்ந்து நிலைபெறுவர். புதிதாக நுழைவோரால் விலையைக் குறைத்துப் போட்டியிடவும் இயலாது; சுழியத்திற்குக் கீழே இறங்க வழியில்லை. பயனருக்குப் பணமே கொடுக்கலாம் எனின், பணத்திற்காகவே போலிக் கணக்குகள் பெருகும். ஆகவே அக்கொடை பணமாக அன்றி, மேலும் புதிய இலவச வசதிகளாக வழங்கப்படுகிறது.

கவனம் ஏலம் போகும் முறை

பயனர் திரையை நகர்த்தும்போது விளம்பரத்திற்குரிய ஓர் இடம் தோன்றுகிறது. அவ்விடத்திற்கு அந்நொடியிலேயே ஏலம் நடைபெறுகிறது. விளம்பரதாரர் பலர் ஒரு சொடுக்கிற்கு இவ்வளவு தருவோம் என முன்னரே கூறியிருப்பர். ஆனால் உயர்ந்த தொகை கூறியவரே வெல்வதில்லை. கேட்புத் தொகையை, அப்பயனர் அவ்விளம்பரத்தைச் சொடுக்கும் வாய்ப்பால் பெருக்கிக் கிடைக்கும் மதிப்பே ஒப்பிடப்படுகிறது. முகநூல் இதனுடன் விளம்பரத்தின் தரத்திற்கும் ஒரு மதிப்பைச் சேர்க்கிறது. வென்றவர், தமக்கு அடுத்தவரை விஞ்சுதற்குப் போதுமான தொகையைச் செலுத்தினால் போதும். வில்லியம் விக்ரி 1961இல் ஆராய்ந்த இரண்டாம் விலை ஏலத்தின் வழிவந்தது இம்முறை.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். பட்டுப்புடவைக் கடைகள் இரண்டு. முதற்கடை சொடுக்கிற்கு 12 ரூபாயும் இரண்டாம் கடை 10 ரூபாயும் கேட்கின்றன. கடன் வழங்கும் நிறுவனங்கள் இரண்டு. அவை முறையே 40, 30 ரூபாய் கேட்கின்றன. பயனர்கள் சம அளவுள்ள இரு குழுவினர். முதற்குழுவினர் புடவை விளம்பரத்தை நூற்றுக்கு 2 முறையும் கடன் விளம்பரத்தை 0.2 முறையும் சொடுக்குவர். இரண்டாம் குழுவினர் முறையே 0.2, 0.8 முறை சொடுக்குவர். ஆயிரம் காட்சிகளுக்கு ஒவ்வொருவரது மதிப்பும் ரூபாயில் பின்வருமாறு அமையும்.

| விளம்பரதாரர் | முதற்குழு | இரண்டாம் குழு | குழு தெரியாதபோது |
|---|---|---|---|
| புடவைக்கடை 1 | 240 | 24 | 132 |
| புடவைக்கடை 2 | 200 | 20 | 110 |
| கடன் நிறுவனம் 1 | 80 | 320 | 200 |
| கடன் நிறுவனம் 2 | 60 | 240 | 150 |

பயனர் எக்குழுவினர் என்பது மேடைக்குத் தெரியுமாயின், முதற்குழுவின் இடத்தைப் புடவைக்கடை 1 வென்று 200 ரூபாய்க்கு ஈடான தொகையைச் செலுத்தும். அதாவது சொடுக்கிற்கு 10 ரூபாய். இரண்டாம் குழுவின் இடத்தைக் கடன் நிறுவனம் 1 வென்று 240 ரூபாய் செலுத்தும். சராசரி வருவாய் 220 ரூபாய். குழு தெரியாதபோது சராசரி வாய்ப்பைக் கொண்டே மதிப்பிட வேண்டியிருப்பதால், எல்லா இடத்தையும் கடன் நிறுவனம் 1 வென்று 150 ரூபாயே செலுத்தும். காட்டப்பட்ட விளம்பரங்களின் எண்ணிக்கை ஒன்றே. வருவாய் மட்டும் 70 ரூபாய் குறைகிறது. பயனர் பற்றிய தகவலின் விலை இவ்வேறுபாடே ஆகும்.

இக்கணக்கின் மறுபுறமும் கருதத்தக்கது. இரண்டாம் இடத்தில் உள்ள கடையும் நிறுவனமும் சந்தையில் இல்லை எனக் கொள்வோம். அப்போது குழு தெரிந்தால், முதற்குழுவில் புடவைக்கடை செலுத்துவது 80 ரூபாய். இரண்டாம் குழுவில் கடன் நிறுவனம் செலுத்துவது 24 ரூபாய். சராசரி 52 ரூபாய் மட்டுமே. குழு தெரியாவிட்டாலோ இருவரும் ஒரே இடத்திற்குப் போட்டியிட்டு 132 ரூபாய் கிடைத்திருக்கும். போட்டியாளர் மிகச் சிலராயின், நுண்மையாகப் பகுப்பது போட்டியையே மெலியச் செய்துவிடும். எனவே தகவல் தானாகவே பணமாவதில்லை. ஒவ்வொரு சிறு குழுவிற்கும் போட்டியிடப் பலர் மறுபக்கத்தில் இருந்தால்தான் பணமாகிறது. முகநூல் சிறு கடைகளையும் தன் ஏலத்திற்குள் கொணர முனைவதன் காரணம் இதுவே. அதன் விளம்பரதாரர் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்ததாக 2020இல் அறிவிக்கப்பட்டது.

ஆப்பிளின் மாற்றமும் அது காட்டியதும்

மேற்கண்ட கணக்கின் நடைமுறைச் சாயலை 2021இல் காண முடிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், பிற செயலிகளிலும் தளங்களிலும் ஒருவரைப் பின்தொடர அவரது இசைவைச் செயலி கேட்டுப் பெற வேண்டும் என்னும் விதியை ஆப்பிள் நடைமுறைப்படுத்தியது. பலர் இசைவு மறுத்தனர். இதனால் 2022ஆம் ஆண்டில் தனக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் இழப்பு நேரும் என மெட்டா மதிப்பிட்டது. அவ்வாண்டில் காட்டப்பட்ட விளம்பரங்களின் எண்ணிக்கை நூற்றுக்கு 18 உயர, ஒரு விளம்பரத்தின் சராசரி விலை நூற்றுக்கு 16 குறைந்தது. டாலரின் மதிப்பேற்றம், பொருளாதாரத் தேக்கம், குறுங்காணொளிகளின் பெருக்கம் ஆகியனவும் இவ்வீழ்ச்சிக்குக் காரணங்களாதலின் முழுப் பொறுப்பையும் அவ்விதியின்மேல் ஏற்றலாகாது. ஆயினும் கவனம் குறையாதபோதும் அதன் விலை குறையக்கூடும் என்பது இங்குத் தெளிவாகிறது.

சுழிய விலையும் சட்டமும்

ஒரு நிறுவனம் போட்டியிடும் சந்தையின் எல்லையை வரையறுக்க, போட்டிச் சட்டத்தில் ஒரு சோதனை வழங்கி வருகிறது. விலையை நூற்றுக்கு 5 முதல் 10 வரை உயர்த்தினால் நுகர்வோர் விலகுவரா என்பதே அச்சோதனை. விலை சுழியமாயின் அதன் நூற்றுக்கு 10 பங்கும் சுழியமே. சோதனை பயனற்றுப் போகிறது. எனவே தரக்குறைவு, கூடுதல் தகவல் சேகரிப்பு ஆகியவற்றையே விலையேற்றமாகக் கருதும் போக்கு வளர்ந்துள்ளது. வாட்ஸ்அப் 2021இல் கொணர்ந்த தனியுரிமைக் கொள்கை குறித்து இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவிற்கு 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. பயனரிடம் பணமே பெறாத சேவையிலும் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்த இயலும் என்பது அவ்வாணையின் உட்கிடை.

ஐரோப்பாவில் மறைவிலை ஒருவாறு வெளிப்பட்டது. 2023 நவம்பரில் விளம்பரமற்ற முகநூலுக்கு இணையவழி மாதம் 9.99 யூரோ எனக் கட்டணம் வகுக்கப்பட்டது. ஓராண்டிற்குப் பின் அது 5.99 யூரோவாகக் குறைக்கப்பட்டது. கட்டணம் செலுத்துக, அன்றேல் இசைவு தருக என்னும் இத்தேர்வு மெய்யான தேர்வாகாது எனக் கொண்ட ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ தண்டம் விதித்தது.

முடிவுரை

சுழிய விலைக்கு இறுதிநிலைச் செலவின் சிறுமை இடமளிக்கிறது. இருபக்கச் சந்தையின் அமைப்பு அதனை ஆதாயமுடையதாக்குகிறது. பயனரின் கவனம் ஏலத்தில் விலைபோகிறது. அவ்விலையை உயர்த்துவன இரண்டு: பயனர் பற்றிய தகவலும், அத்தகவலால் பகுக்கப்பட்ட ஒவ்வொரு குழுவிற்கும் போட்டியிடும் விளம்பரதாரர் கூட்டமும். இவற்றுள் ஒன்று குறையினும் வருவாய் குறையும். எனவே இலவசச் செயலியின் விலையை மதிப்பிட முற்படுவோர் கட்டணத்தைக் காண்பதோடு நில்லாது, திரையில் தோன்றும் விளம்பரங்களின் எண்ணிக்கையையும் திரட்டப்படும் தகவலின் அளவையும் சேர்த்தே அளவிட வேண்டும்.