ஜிராவில் நான்கு வகை: எதை எதில் போடுவது?

ஜிராவில் Create பட்டனை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். தலைப்பு எழுதும் முன்பே அது ஒன்றைக் கேட்கும்: இது Bug, Story, Task, Epic இவற்றில் எது? ஜிராவுக்குப் புதிதாக வந்த குழுக்களில் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. பெட்டியில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதையே விட்டுவிட்டுத் தலைப்பை அடிக்கத் தொடங்குவார்கள். சில வாரங்களில் எல்லாமே டாஸ்க் ஆகியிருக்கும். "இந்த மாதம் எத்தனை பக் வந்தது?" என்று மேனேஜர் கேட்கும்போதுதான் யாருக்கும் பதில் தெரியாது என்பது தெரியவரும்.

இந்த நான்கு பெயர்களும் ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002இல் ஜிராவை வெளியிட்டபோது அது பெரும்பாலும் மென்பொருள் பிழைகளைக் குறித்துவைக்கும் கருவிதான். ஸ்டோரி வந்த வழி வேறு. 1990களில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனத்துக்குச் சம்பளப் பட்டியல் மென்பொருள் எழுதிய குழுவில் கென்ட் பெக் இருந்தார். பயன்படுத்துபவருக்கு என்ன வேண்டும் என்பதை அந்தக் குழு சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிவைத்தது. அந்த அட்டைதான் இன்றைய ஸ்டோரி. பின்னாளில் இரண்டும் ஒரே கருவிக்குள் வந்து சேர்ந்தன. புதியவர்களுக்கு வரும் குழப்பத்தில் பாதி இங்கிருந்து வருகிறது.

பெரிய வேலை என்றால் எபிக், நடுத்தரம் ஸ்டோரி, சின்னது டாஸ்க் என்று அளவை வைத்துப் பலர் சொல்லிக்கொடுப்பார்கள். அது பாதிதான் சரி. இரண்டு நாள் டாஸ்க்கும் உண்டு, அரை நாள் ஸ்டோரியும் உண்டு. பார்க்க வேண்டியது வேறொன்று: இந்த வேலை முடிந்துவிட்டது என்று யார் சொல்வார்கள், எதைப் பார்த்துச் சொல்வார்கள்? அதற்கு விடை கிடைத்தால் வகை தானாகத் தெரியும்.

தனியார் பஸ் கம்பெனி ஒன்றுக்கு டிக்கெட் ஆப் எழுதும் ஐந்தாறு பேர் கொண்ட குழுவை நினைத்துக்கொள்வோம். டிக்கெட் எடுப்பது ஆப்பில் நடக்கிறது. ரத்து செய்ய மட்டும் பயணி ஆபீசுக்குப் போன் போட வேண்டும். இனி ரத்தும் ஆப்பிலேயே நடக்க வேண்டும் என்கிறார் முதலாளி. இதுதான் எபிக்: "பயணியே ஆப்பில் டிக்கெட்டை ரத்து செய்தல்". ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை. பல வாரம் ஓடும்.

இதற்குள் வரும் முதல் ஸ்டோரி இப்படி இருக்கும்: "பயணம் போக முடியாதவர், யாருக்கும் போன் செய்யாமல், டிக்கெட்டை ரத்து செய்து உரிய பணத்தைத் திரும்பப் பெற வேண்டும்." இதற்குக் கீழே நிபந்தனைகளை எழுதியே ஆக வேண்டும். பஸ் கிளம்ப 24 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் கட்டணத்தில் 90 சதவீதம் திரும்ப வரும். 24 மணிக்குக் குறைந்து 6 மணி வரை என்றால் 50 சதவீதம். 6 மணிக்கும் குறைந்தால் ஒன்றும் கிடையாது. இந்த மூன்று வரிகள் இல்லாத ஸ்டோரி வெறும் ஆசைதான். முடிந்ததா என்று பார்க்கும் நாளில் டெவலப்பருக்கு ஒரு கணக்கும் டெஸ்டருக்கு வேறு கணக்கும் இருக்கும். ஸ்டோரி முடிந்தது என்று சொல்லும் உரிமை பயணியின் இடத்தில் நின்று பார்ப்பவருக்கு, அதாவது பிராடக்ட் ஓனருக்கு. அவர் ஆப்பைத் திறந்து, ரத்து செய்து, பணக் கணக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ரத்தானதும் பயணிக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். இந்தியாவில் வணிக நிறுவனம் அனுப்பும் எஸ்.எம்.எஸ். வாசகத்தை முன்கூட்டியே டி.எல்.டி. தளத்தில் பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் செய்தி போய்ச் சேராது. இந்தப் பதிவு வேலையைப் பயணி ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. ஆனால் செய்யாமல் இருக்கவும் முடியாது. இது டாஸ்க். ஒப்புதல் வந்ததா, வாசக எண் கையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், மூடிவிடலாம். பிராடக்ட் ஓனர் பரிசோதிக்க இதில் எதுவும் இல்லை.

புதிய குழுக்கள் அதிகம் சறுக்கும் இடம் இந்த டாஸ்க்தான். மேலே சொன்ன ரத்து ஸ்டோரியை "ஸ்கிரீன் வரைதல்", "ஏ.பி.ஐ. எழுதுதல்", "டேட்டாபேஸ் மாற்றம்" என்று மூன்று டாஸ்க்காக உடைத்து, ஸ்டோரியையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். மூன்றில் இரண்டு முடிந்ததும் போர்டு அழகாகத் தெரியும். பயணியோ இன்னும் ஆபீசுக்குப் போன் போட்டுக்கொண்டுதான் இருப்பார். இப்படிப் பிரித்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அந்தத் துண்டுகள் ஸ்டோரிக்குக் கீழே சப்-டாஸ்க்காக இருக்க வேண்டும். சப்-டாஸ்க் தன் ஸ்டோரி இருக்கும் ஸ்பிரின்ட்டில்தான் இருக்கும். தனியாக அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு நழுவ ஜிரா விடாது. அது நல்லதுதான்.

இனி பக். ரத்து வசதி வெளியாகிச் சில நாளில் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி வருகிறது: 50 சதவீதம் தர வேண்டிய இடத்தில் 90 சதவீதம் போயிருக்கிறதே? பயணிகள் யாரும் புகார் செய்யவில்லை. கூடுதலாகப் பணம் வந்தால் யார் புகார் செய்வார்கள்? டெஸ்டர் தோண்டிப் பார்த்து எழுதும் பக் இப்படி இருக்கும்: "சென்னை–மதுரை, வெள்ளி இரவு 10 மணி பஸ், கட்டணம் 800 ரூபாய். வெள்ளி அதிகாலை 2 மணிக்கு ரத்து செய்தேன். 20 மணி நேரம் மீதி இருக்கிறது, எனவே 400 ரூபாய் வர வேண்டும். வந்தது 720."

செய்தது என்ன, வர வேண்டியது என்ன, வந்தது என்ன. இந்த மூன்றும் இருந்தால்தான் அது பக். "ரத்து சரியாக வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரி எழுதினால், டெவலப்பர் தன் மெஷினில் முயன்று பார்த்துவிட்டு "எனக்குச் சரியாகத்தான் வருகிறது" என்று திருப்பி அனுப்புவார். இந்த உதாரணத்தில் அப்படி நடக்க நல்ல காரணமும் இருக்கிறது. பஸ் கிளம்பும் நேரம் இந்திய நேரத்தில் பதிவாகியிருக்கிறது. சர்வரின் கடிகாரம் யு.டி.சி.யில், அதாவது ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதிகாலை 2 மணியை அது முந்தைய இரவு 8.30 என்று நினைத்து, 25.5 மணி நேரம் மீதி என்று கணக்குப் போட்டுவிட்டது. இரண்டு நாளுக்கு முன்பே ரத்து செய்து பார்த்தால் எந்தக் கணக்கிலும் 90 சதவீதம்தான், பிழை தெரியாது. பஸ் கிளம்ப 24 மணிக்குக் குறைவாகவும் 18.5 மணிக்குக் குறையாமலும் இருக்கும் நேரத்தில் ரத்து செய்தால்தான் முதல் வரம்பில் மாட்டும். இரண்டாவது வரம்பிலும் இதே கதைதான்: பஸ் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது ரத்து செய்தவருக்கும் பாதிப் பணம் போயிருக்கும். துல்லியமான நேரத்தோடு எழுதிய பக் ஒன்றே இவ்வளவையும் பிடித்துக் கொடுக்கிறது. அது முடிந்ததா என்று சொல்ல வேண்டியவர் எழுதியவரே. அதே படிகளைத் திரும்பச் செய்து 400 ரூபாய் வந்தால் மூடலாம்.

இதே பிழையை, ஸ்டோரி இன்னும் முடியாமல் அதே ஸ்பிரின்ட்டில் இருக்கும்போது டெஸ்டர் கண்டுபிடித்திருந்தால்? தனி பக் தேவையில்லை என்பது என் கருத்து. நிபந்தனை நிறைவேறவில்லை, ஆகவே ஸ்டோரி முடியவில்லை, அவ்வளவுதான். கமெண்டில் எழுதி டெவலப்பரிடம் திருப்பினால் போதும். அதற்கும் பக் போட்டால் எண்ணிக்கை வீங்கும், வாடிக்கையாளர் கைக்குப் போன பிழை எத்தனை என்பது மறைந்துபோகும்.

உண்மையான சண்டை வேறு இடத்தில் நடக்கும். நான்கு பேருக்குச் சேர்த்து டிக்கெட் எடுத்த ஒருவர், ஒரு சீட்டை மட்டும் ரத்து செய்ய வேண்டும் என்கிறார். ஆப் நான்கையும் சேர்த்துத்தான் ரத்து செய்கிறது. "இது பக் சார், உடனே சரி பண்ணுங்க" என்கிறது பஸ் கம்பெனி. "நீங்க கேட்கவே இல்லையே" என்கிறது குழு. ஸ்டோரியைத் திறந்து பார்த்தால் ஒரு சீட்டைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. சொன்னபடி நடக்காதது பக். சொல்லாமல் விட்டது புது ஸ்டோரி. ஆனால் இந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. ரத்து பட்டனை அழுத்தினால் ஆப் மூடிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். "ஆப் மூடிக்கொள்ளக் கூடாது" என்று எந்த ஸ்டோரியிலும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதற்காக அது பக் இல்லை என்று ஆகிவிடாது. எழுதாமலே எல்லோரும் எதிர்பார்ப்பது என்று ஒன்று இருக்கிறது.

நம்மூர் சர்வீஸ் கம்பெனிகளில் இந்தச் சண்டைக்குப் பின்னால் பணம் இருக்கும். பக் என்றால் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், புதுத் தேவை என்றால் சி.ஆர். போட்டுப் பில் அனுப்பலாம் என்று ஒப்பந்தம் இருந்தால், வகையைத் தேர்ந்தெடுப்பதே பேரமாக மாறிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பில் உண்டா இல்லையா என்பதற்குத் தனியாக ஒரு கட்டத்தை உருவாக்கிக்கொள்வது நல்லது. வகை பற்றிய முடிவைப் பிராடக்ட் ஓனர் ஒருவரிடம் விட்டுவிடலாம். தவறாகப் போட்டிருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இதற்காக மீட்டிங் வைப்பதுதான் நஷ்டம்.

கடைசியாக எபிக்குக்கு வருவோம். "மொபைல் ஆப்", "பேமென்ட்" என்று எபிக் வைத்திருப்பார்கள். இவை எப்போது முடியும்? முடியவே முடியாது. ஆப்பின் ஒரு பகுதியைக் குறிக்க ஜிராவில் காம்போனென்ட் என்று தனியாகவே இருக்கிறது. எபிக்குக்கு முடிவு இருக்க வேண்டும். பயணி போன் போடாமல் ரத்து செய்ய முடிகிற நாளில் நம் எபிக் முடிகிறது. ஆனால் கீழே உள்ள எல்லாம் முடிந்துவிட்டதால் எபிக் தானாக மூடிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். ஆட்டோமேஷன் அமைத்திருந்தால் ஒழிய, ஒருவர் போய் மூட வேண்டும். மூடிய பிறகு வரும் நேரக் கணக்குப் பிழையை மறுபடி அதற்குள் நுழைத்து எபிக்கைத் திறக்கவும் வேண்டாம். பக்கைத் தனியாக நிறுத்தி, பழைய ஸ்டோரிக்கு ஒரு லிங்க் கொடுத்தால் போதும்.

முடிவில்லாத எபிக்குகள் உங்களிடம் எத்தனை இருக்கின்றன என்று பார்க்க, தேடல் பெட்டியில் இதை அடிக்கலாம்:

```
issuetype = Epic AND statusCategory != Done AND created <= -26w
```

ஆறு மாதத்துக்கு முன் தொடங்கி இன்னும் மூடாதவை எல்லாம் வரிசையாக வரும். சில நியாயமாகவே பெரிய வேலைகளாக இருக்கும். மற்றவற்றில் முடிந்த பகுதிக்கு ஏற்றபடி எபிக்கின் பெயரைத் திருத்தி மூடிவிட்டு, மிச்ச ஸ்டோரிகளைப் புது எபிக்குக்குக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு ஸ்டோரியிலும் Parent என்ற கட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். ஸ்டோரியின் எண்ணும் பழைய கமெண்டுகளும் அப்படியே இருக்கும்.