ஏழு நான்காகும் வினாத்தாள்

பிரெயிலில் ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. எண் வரப்போகிறது என்று ஓர் அடையாளம் காட்டிவிட்டு, மேலே உள்ள நான்கு புள்ளிகளையும் சதுரமாக எழுப்பினால் அது 7. அந்த நான்கில் எது அமுங்கிப்போனாலும் வேறோர் எண்தான் கிடைக்கும். மேல் இடது போனால் 0, கீழ் இடது போனால் 4, மேல் வலது போனால் 8, கீழ் வலது போனால் 6. பிழை என்று விரலுக்குத் தோன்றவே தோன்றாது.

5,000 ரூபாய்க்கு 8 சதவீதத்தில் 7 ஆண்டுத் தனிவட்டி 2,800 ரூபாய். வினாத்தாளில் 7 நான்காகிவிட்டால் மாணவி 1,600 என்று எழுதுவார். கணக்கு சரி, மதிப்பெண் இல்லை. திருத்துபவர் கையில் இருப்பதோ அச்சு வினாத்தாள். தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது. கணினிக் கோப்பைச் சரிபார்த்தாலும் இது பிடிபடாது, ஏனென்றால் கோப்பில் 7 சரியாகவே இருக்கும். கட்டுக்கட்டாக அடுக்கி மேலே பாரம் வைத்தால் புள்ளிகள் தாளில்தான் தட்டையாகும். எனவே அச்சிட்ட பிரதியை ஒருவர் விரலால் தடவி உரக்க வாசிக்க, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். தாள்களைக் கிடையாக அடுக்கி அழுத்தாமல், நிறுத்தி வைத்து அனுப்புவது நல்லது.

படம் வந்தால் சிக்கல் வேறு மாதிரி. 'எந்த மாதத்தில் மழை அதிகம்?' என்று கேட்டு ஒரு பட்டை வரைபடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 'ஜூலைப் பட்டையே உயரமானது' என்று விவரித்தால் விடையையே கொடுத்ததாகிவிடும். பட்டைகளைத் தொட்டறியும்படி எழுப்ப வேண்டும், அல்லது மாதமும் அளவும் மட்டும் உள்ள அட்டவணையாக மாற்ற வேண்டும். இரண்டுக்கும் பாடம் தெரிந்த ஒருவர் தேவை.

பெரிய எழுத்துத் தாளைப் பலரும் ஜெராக்ஸ் கடை வேலையாகவே நினைக்கிறார்கள். ஏ4 தாளை ஏ3 ஆக்கினால் எழுத்து ஏறக்குறைய 1.4 மடங்குதான் பெரிதாகும். 12 புள்ளி எழுத்து 17 ஆகும்; பெரிய எழுத்து என்று பொதுவாகக் கருதப்படும் 18-ஐக்கூட எட்டாது. சாம்பல் நிறக் கோடு சாம்பலாகவே இருக்கும், தாளோ மேசையில் அடங்காது. நடுப்பார்வை மட்டுமே மிஞ்சியவருக்கு அகன்ற தாள் கூடுதல் தொல்லை. சாதாரண அளவுத் தாளிலேயே 18 புள்ளியோ அதற்கு மேலோ தடித்த எழுத்தில் மறுபடி தட்டச்சு செய்து, படங்களைக் கனத்த கோட்டில் வரைவதுதான் சரி.

பிந்திய வயதில் பார்வை இழந்தவர்கள் பலருக்குப் பிரெயில் பழக்கமில்லை. ஒலி வினாத்தாள் அவர்களுக்கு உதவும், ஆனால் ஒவ்வொரு வினாவும் தனிப் பதிவாக இருந்தால்தான் வேண்டியதற்குத் திரும்பிப் போகலாம். கேட்டதையே மறுபடி கேட்க நேரமும் வேண்டும். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்றன மத்திய அரசின் 2018 நெறிமுறைகள். கணிதத்தில் வாசிப்பவரின் பொறுப்பு பெரிது. 'ஏ கூட்டல் பி-யின் வர்க்கம்' என்று வாசித்துவிட்டால் அது (a+b)² ஆகவும் இருக்கலாம், a+b² ஆகவும் இருக்கலாம். ஏ 3, பி 4 என்றால் முதலாவது 49, இரண்டாவது 19. அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் அவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.